பத்து வருடப் பத்திரம் மூன்று மாதப் பத்திரத்துக்குக் கீழே போனால்

கேள்வி: சார், ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் படகுக்காரர்களிடம் நண்டு எடுத்து, அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் ஈல்டு கர்வ் தலைகீழாகிவிட்டது, ரெசஷன் நிச்சயம் என்று 2022-ல் யூட்யூபில் எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டு ஐஸ் ரூம் கட்ட எடுக்க இருந்த லோனை நிறுத்தி வைத்தேன். சொன்ன மாதிரி ஒன்றும் வரவில்லை. பிறகு ஏன் அதை எச்சரிக்கை என்கிறார்கள்? எங்கள் பேங்க் போர்டிலும் 444 நாளுக்கு 7.25, பத்து வருடத்துக்கு 6.5 என்று போட்டிருந்தார்கள். அதுவும் இதே எச்சரிக்கைதானா?

பதில்: ஒரு நாட்டுப்படகுக்காரர் இந்த சீசன் முடியும் வரைக்கும் என்று அட்வான்ஸ் கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். அதே ஆள் ஐந்து வருடத்துக்குச் சேர்த்து மொத்தமாகக் கேட்டால் தயங்குவீர்கள். கொடுத்தாலும், அவர் கொண்டுவரும் நண்டுக்குக் கிலோவுக்கு இன்னும் சில ரூபாய் குறைத்துத்தான் விலை பேசுவீர்கள். ஐந்து வருடத்தில் படகு என்னாகும், விலைவாசி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு ஒரு கூலி வேண்டும். அரசாங்கத்துக்குக் கடன் கொடுப்பவர்களும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். அமெரிக்க அரசு மூன்று மாதம், இரண்டு வருடம், பத்து வருடம், முப்பது வருடம் என்று பல தவணைகளில் பத்திரம் விற்றுக் கடன் வாங்குகிறது. ஒவ்வொரு தவணைக்கும் சந்தையில் இன்று கிடைக்கும் வட்டியை வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்தால் வருவதுதான் ஈல்டு கர்வ். சாதாரணக் காலத்தில் அது இடமிருந்து வலமாக மேலே ஏறும். குறுகிய தவணையின் வட்டி நீண்ட தவணையின் வட்டியைத் தாண்டிவிட்டால், தலைகீழ் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கோட்டின் இரண்டு முனைகளையும் ஒரே கை பிடித்திருக்கவில்லை என்பது. மூன்று மாத முனை கிட்டத்தட்ட ஃபெட் கையில் இருக்கிறது. நமக்கு ரிசர்வ் வங்கி எப்படியோ அப்படி அவர்களுக்கு ஃபெட். அது தன் வட்டியை ஏற்றினால் மூன்று மாதப் பத்திரமும் உடனே கூடவே ஏறும். பத்து வருட முனையை அப்படி யாரும் நிர்ணயிப்பதில்லை. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு மத்திய வங்கிகள், ஃபண்ட் மேனேஜர்கள் எல்லாரும் வாங்கி விற்பதில்தான் அந்த வட்டி அமைகிறது. அவர்கள் அடுத்த பத்து வருடத்துக்குமான சராசரியைப் பார்க்கிறார்கள். ஃபெட் இன்று எங்கே நிற்கிறது என்பது அந்தச் சராசரியில் ஒரு சிறு பங்குதான்.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். டாலரை விடுங்கள், ஒரு லட்சம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருடப் பத்திரம் 5 சதவீதம் தருகிறது, இரண்டு வருடப் பத்திரம் வருடத்துக்கு 4.5 சதவீதம் தருகிறது. அதாவது கர்வ் தலைகீழாக இருக்கிறது. இரண்டு வருடப் பத்திரத்தில் போட்டால் முடிவில் 1,09,202 ரூபாய் கிடைக்கும். ஒரு வருடப் பத்திரத்தில் போட்டால் வருட முடிவில் 1,05,000. அதை மறுபடி ஒரு வருடத்துக்குப் போட்டு அதே 1,09,202-ஐ எட்ட வேண்டுமானால், இரண்டாம் வருடம் 4 சதவீதம் கிடைத்தால் போதும். அப்படியிருக்க, 5 சதவீதம் கண்முன்னே இருக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர் ஏன் 4.5-க்கு ஒத்துக்கொள்கிறார்? அடுத்த வருடம் வட்டி 4-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும் என்று அவர் நினைக்கிறார். இருப்பதை இப்போதே பூட்டிவைக்கப் பார்க்கிறார். நீண்ட தவணைக்கு வழக்கமாகக் கேட்கும் அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், அவர் எதிர்பார்ப்பது 4-ஐ விடவும் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி நினைப்பவர்கள் கூடக்கூட நீண்ட பத்திரத்துக்குக் கிராக்கி ஏறும். வருடம் 50 டாலர் வட்டி தரும், 1,000 டாலர் முகமதிப்புள்ள பத்து வருடப் பத்திரம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதை 1,000-க்கு வாங்கினால் 5 சதவீதம் கிடைக்கும். எல்லாரும் போட்டி போட்டு விலையை 1,081 டாலர் வரை ஏற்றிவிட்டால், புதிதாக வாங்குபவருக்குக் கிடைப்பது 4 சதவீதம்தான். இப்படி இன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் வட்டியைத்தான் ஈல்டு என்கிறார்கள். விலை ஏறினால் வட்டி இறங்கும். செய்தியில் "பத்து வருட ஈல்டு சரிந்தது" என்று வந்தால், அந்தப் பத்திரத்தை நிறையப் பேர் வாங்கினார்கள் என்று படித்துக்கொள்ளுங்கள்.

சரி, வட்டி இறங்கும் என்று நினைப்பதற்கும் ரெசஷனுக்கும் என்ன சம்பந்தம்? ஃபெட் வட்டியைப் பெரிய அளவில் குறைப்பது பெரும்பாலும் வேலைகள் போய், கடைகள் காலியாகி, பொருளாதாரம் தளரும்போதுதான். அதனால் "வட்டி நிறைய இறங்கும்" என்று சந்தை பணம் கட்டுவது, "பொருளாதாரம் தளரும்" என்று பணம் கட்டுவதற்கு ஏறக்குறைய சமம். "ஏறக்குறைய" என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 2022 கதை முழுக்க அந்த வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. இதில் கர்வ் வெறும் செய்தி சொல்வதோடு நிற்காமல் தானே கொஞ்சம் வேலையும் செய்கிறது. வங்கிகள் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கி நீண்ட காலத்துக்குக் கடன் கொடுத்துப் பிழைப்பவை. வாங்கும் பணத்தின் வட்டி கொடுக்கும் கடனின் வட்டியை நெருங்கிவிட்டால் புதுக்கடன் கொடுப்பதில் லாபம் மெலியும். மேனேஜர் கையை இறுக்குவார். பெரிய கம்பெனிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, உங்களைப் போன்ற சிறு வியாபாரிக்குத்தான் முதலில் கதவு மூடும். ஆனால் இந்த வழியை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். அமெரிக்காவில் ஏராளமான பேர் சும்மா போட்டு வைத்திருக்கும் கணக்குகளுக்கு வங்கிகள் கொடுக்கும் வட்டி ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அதனால் கர்வ் கவிழ்ந்த அன்றே எல்லா வங்கிகளின் லாபமும் கவிழ்ந்துவிடாது.

இந்தத் தொடர்பைக் கணக்கில் காட்டியவர்களில் முதன்மையானவர் கேம்ப்பெல் ஹார்வி. 1986-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வு இதைப் பற்றியதுதான். பிறகு நியூயார்க் ஃபெட் பத்து வருடத்துக்கும் மூன்று மாதத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் ரெசஷன் வருவதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மாதாமாதம் வெளியிட ஆரம்பித்தது. 1960-களின் கடைசியிலிருந்து 2008 வரை அமெரிக்காவில் வந்த ஒவ்வொரு ரெசஷனுக்கும் முன்னால் அந்த இடைவெளி தலைகீழாகியிருக்கிறது. இவ்வளவு சுத்தமான பதிவு பொருளாதாரத்தில் வேறு எதற்கும் கிடைப்பது அரிது. ஆய்வாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அந்த ஜூனில் ஃபெட் தன் வட்டியை 5.25-க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. சில வாரங்களிலேயே பத்து வருட ஈல்டு மூன்று மாத ஈல்டுக்குக் கீழே இறங்கியது. 2007 தொடக்கத்தில் மூன்று மாதம் 5-க்குச் சற்று மேலே, பத்து வருடம் 4.7 அளவில். அப்போது அமெரிக்காவில் வேலையும் இருந்தது, பங்குச்சந்தையும் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வேறு, வெளிநாட்டுக்காரர்கள் அமெரிக்கப் பத்திரத்தை வாங்கிக் குவிப்பதால்தான் நீண்ட வட்டி தாழ்ந்திருக்கிறது என்று பெரிய பெரிய ஆட்களே சொன்னார்கள். அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் வீட்டுக்கடன்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. 2007 செப்டம்பரில் ஃபெட் வட்டியை அரை சதவீதம் வெட்டியது, அப்புறம் வெட்டிக்கொண்டே போனது. 2007 டிசம்பரில் மூன்று மாத ஈல்டு 3 சதவீத அளவுக்கு விழுந்துவிட்டது, பத்து வருடமோ 4-க்குச் சற்று மேலே. அதாவது கர்வ் நிமிர்ந்துவிட்டது. கர்வைப் பார்த்துப் பயந்திருந்தவர்கள் "அப்பாடா, சரியாகிவிட்டது" என்று மூச்சு விட்டிருக்க வேண்டிய நேரம் அது. ரெசஷன் தொடங்கியது அந்த மாதம்தான். அதைவிட வேடிக்கை, இப்படித் தொடங்கியது என்று அதைத் தீர்மானிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பு அறிவித்தது 2008 டிசம்பர் 1-ஆம் தேதி, முழுதாக ஒரு வருடம் கழித்து.

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். தலைகீழான அன்று ஆபத்து ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தியவர், அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் நல்ல வியாபாரத்தை இழந்திருப்பார். கர்வ் கவிழ்வதற்கும் ரெசஷன் வருவதற்கும் நடுவில் சில தடவை ஆறேழு மாதம், சில தடவை ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கிறது. எவ்வளவு ஆழமாக வரும் என்பதையும் அது சொல்வதில்லை. 2000-ன் பிற்பாதியில் கவிழ்ந்தது. 2001 மார்ச்சில் தொடங்கிய ரெசஷன் எட்டே மாதத்தில் முடிந்த, சற்று லேசான ஒன்று. 2006-ல் கவிழ்ந்ததற்குப் பின் வந்ததோ உலகத்தையே ஆட்டியது. 2019-லும் கவிழ்ந்தது, 2020-ல் ரெசஷன் வந்தது. ஆனால் அது கொரோனாவால் வந்தது. வூஹானில் என்ன நடக்கப்போகிறது என்று அமெரிக்கப் பத்திரச் சந்தைக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அதனால் அதைக் கர்வின் வெற்றிக் கணக்கில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1966-ல் கர்வ் எச்சரித்தும் வளர்ச்சி தளர்ந்ததோடு நின்றுவிட்டது, ரெசஷன் என்று சொல்லும் அளவுக்குப் போகவில்லை.

இனி உங்கள் 2022. அந்த ஜூனில் அமெரிக்க விலைவாசி ஒரு வருடத்தில் 9.1 சதவீதம் ஏறியிருந்தது. மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் ஃபெட் 5.25 – 5.50 வரை ஏற்றியது. இரண்டு வருடமும் பத்து வருடமும் 2022 ஜூலையிலேயே இடம் மாறிவிட்டன, மூன்று மாதமும் பத்து வருடமும் அக்டோபர் கடைசியில். 2023-ல் நியூயார்க் ஃபெட் கணக்கு ரெசஷன் வாய்ப்பை 70 சதவீதம் வரை காட்டியது. நீங்கள் பார்த்த வீடியோக்காரர்கள் அந்த 70-ஐ நூறாக்கிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஏன் வரவில்லை? நான் ஞாபகம் வைக்கச் சொன்ன "ஏறக்குறைய" இங்கேதான் வருகிறது. வட்டி இறங்கும் என்று சந்தை எதிர்பார்த்தது உண்மை, பின்னால் இறங்கியதும் உண்மை. ஆனால் இறங்குவதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். பொருளாதாரம் விழுந்தால் இறங்கும். விலைவாசி அடங்கிவிட்டால், அவ்வளவு உயர்ந்த வட்டிக்குத் தேவையில்லாமலும் இறங்கும். முந்தைய தடவைகளில் பெரும்பாலும் முதல் காரணம் நடந்தது. இந்தத் தடவை இரண்டாவது. கர்வுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதன் கண்ணுக்கு இரண்டும் "வட்டி இறங்கும்" என்ற ஒரே செய்திதான்.

அதோடு, ஏறிய வட்டி அமெரிக்கக் குடும்பங்களின் மேல் உடனே விழவில்லை. அங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் முப்பது வருடத்துக்கு ஒரே வட்டி. 2020, 2021-ல் 3 சதவீதத்துக்குக் கடன் எடுத்தவருக்கு, ஃபெட் வட்டியை எவ்வளவு ஏற்றினாலும் மாதத் தவணை மாறாது. நம்மூரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி ஏறினால் வீட்டுக்கடன் தவணையோ காலமோ கூடுகிறதே, அப்படி இல்லை. பல கம்பெனிகளும் குறைந்த வட்டியில் முன்கூட்டியே கடனைப் பூட்டிக்கொண்டிருந்தன. அரசும் நிறையச் செலவு செய்தது. கூடவே, ஃபெட் தானே கொரோனா காலத்தில் நீண்ட பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்ததால், 2022-ல் அதன் கணக்கில் 9 லட்சம் கோடி டாலருக்கு நெருக்கமாகச் சொத்து இருந்தது. இவ்வளவு பெரிய ஆள் ஒரு பக்கம் வாங்கி வைத்திருந்தால் நீண்ட வட்டி இயல்பைவிடத் தாழ்ந்துதான் இருக்கும், கர்வ் எளிதாகக் கவிழும். கவிழ்ந்ததில் ஒரு பங்குக்கு எதிர்காலத்தைப் பற்றிய எந்த அபிப்பிராயமும் காரணம் இல்லை.

நிமிர்ந்த விதத்தையும் பாருங்கள். இரண்டு வருடமும் பத்து வருடமும் 2024 செப்டம்பர் தொடக்கத்தில் பழைய இடத்துக்குத் திரும்பின. அந்த மாதத்திலிருந்து டிசம்பருக்குள் ஃபெட் மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தது. பத்து வருட ஈல்டு அதோடு சேர்ந்து இறங்கவில்லை. செப்டம்பரில் 3.6 அளவில் இருந்தது 2025 ஜனவரியில் 4.8-ஐத் தொட்டது. 2007-ல் குறுகிய முனை அவசரமாகக் கீழே விழுந்ததால் கர்வ் நிமிர்ந்தது. 2024-ல் நீண்ட முனை மேலே ஏறியதும் சேர்ந்து நிமிர்ந்தது. ஃபெட் பதறிப்போய்க் கூட்டத்துக்குக் கூட்டம் வெட்டுகிறது, குறுகிய வட்டி படபடவென்று சரிகிறது, வேலையில்லாதோர் கணக்கும் மாதாமாதம் ஏறுகிறது என்றால் அதுதான் பார்த்துப் பயப்பட வேண்டிய நேரம். கர்வ் கவிழ்ந்த நாளை விட அது நிமிரும் விதத்தைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

உங்கள் வங்கி போர்டுக்கு வருவோம். அது ஈல்டு கர்வ் இல்லை. அது அந்த வங்கி கேட்கும் விலை. வங்கிக்கு இந்த நிதியாண்டுக்குள் டெபாசிட் சேர்க்க வேண்டும், எந்தத் தவணையில் பணம் தேவையோ அதற்கு நல்ல வட்டி போட்டு ஒரு விசேஷத் திட்டம் அறிவிக்கும். 444 நாள் என்ற அந்த விநோதமான எண்ணே அது விற்பனைத் திட்டம் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் பத்து வருடத்துக்கு ஏன் குறைவு என்று கேட்டால், அதில் கொஞ்சம் அதே யோசனை இருக்கிறது. வட்டி இறங்கப்போகிறது என்று நினைக்கும் வங்கி பத்து வருடத்துக்கு 7.25 தருவதாக உங்களிடம் மாட்டிக்கொள்ள விரும்பாது. நடந்ததும் அதுதான். 6.5-ல் இருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் 5.5-க்கு இறக்கியது. விலைவாசி அடங்கியதால் இறக்கியது, இந்தியாவில் ரெசஷன் ஒன்றும் வரவில்லை.

நம் அரசுப் பத்திரங்களின் உண்மையான கர்வை எடுத்துக்கொண்டாலும் அமெரிக்காவின் பதிவை அதன் தலையில் கட்ட முடியாது. இங்கே வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 18 சதவீதத்தைக் கட்டாயமாகப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் வைத்தாக வேண்டும். எல்.ஐ.சி., வருங்கால வைப்பு நிதி போன்றவை நீண்ட பத்திரங்களைத் தேவைக்காகவே வாங்கிக்கொண்டிருக்கின்றன. சட்டமும் தேவையும் சொல்லி வாங்குபவர் இவ்வளவு பேர் இருக்கும் சந்தையில், நீண்ட வட்டி தாழ்ந்திருப்பதைப் பார்த்து எதிர்காலம் சொல்ல முடியாது.

கடைசியாக ஐஸ் ரூம். அமெரிக்காவில் ரெசஷன் வந்தால் அது மண்டபத்துக்கு வரும் பாதை உங்களுக்கே தெரியும். அங்கே ஹோட்டலில் ஆள் குறையும், இறக்குமதியாளர் ஆர்டரைக் குறைப்பார், கம்பெனி உங்களிடம் விலையை இறக்கும், முப்பது நாளில் தரும் பணத்தை அறுபது நாளாக்கும். கம்பெனிக்காரர் பில்லை இழுப்பதை நீங்கள் பார்ப்பது ஆய்வாளர்கள் அறிவிப்பதற்கு எவ்வளவோ முன்னால் நடக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி போட்டதே, உங்கள் தொழிலுக்கு அதுதான் கண்ணெதிரே வந்த அடி. எந்தக் கர்வும் அதைச் சொல்லவில்லை.

அதனால் லோனைக் கர்வை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனி இரண்டு மாதம் சரக்கு எடுக்காமல், மூன்றாம் மாதம் பாதி விலைக்கு எடுத்தால், ஐஸ் ரூம் தவணையையும் படகு அட்வான்ஸையும் கையிருப்பிலிருந்து கட்ட முடியுமா என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். முடியும் என்றால் எடுக்கலாம். முடியாது என்றால் கர்வ் எவ்வளவு நிமிர்ந்திருந்தாலும் எடுக்க வேண்டாம், சிறிய அளவில் ஆரம்பியுங்கள். சிறு தொழில் கடன் வங்கியில் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டிய மாறும் வட்டியாகத்தான் கிடைக்கும். இன்றைய தவணையோடு, வட்டி ஒன்றரை சதவீதம் ஏறினால் எவ்வளவு என்பதையும் மேனேஜரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் டெபாசிட் பணம் முழுவதையும் 444 நாளில் போடாமல், ஒரு பங்கை மூன்று, ஐந்து வருடத்துக்கும் பிரித்துப் போடுங்கள். 444 நாள் முடிந்து புதுப்பிக்கும்போது போர்டில் அதே 7.25 இருக்கும் என்று யாரும் உறுதி கொடுத்திருக்க மாட்டார்கள்.